அக்காவின் கேக்கில் யார் எழுதுவது

தன் பிறந்தநாள் கேக்கில் தானே வாழ்த்து எழுதிக்கொள்ளும் ஒருத்தியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் கடைக்கு வந்தால் பார்க்கலாம். வருடா வருடம் நடக்கிற கூத்து அது. முதலாளி வெள்ளைக் கேக்கை மேஜையில் வைப்பார். "நீதான் நல்லா எழுதுவியே, நீயே எழுதிடும்மா" என்பார். அக்காவும் க்ரீம் நிரப்பிய கூம்பை எடுத்து, தலையைக் குனிந்து, தனக்குத் தானே வாழ்த்துச் சொல்லி முடிப்பாள். அதற்கு ஒரு கைதட்டல் வேறு. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அதே கடையில் அடுப்படியில் இருப்பவள். கேக் சுடுவதும் க்ரீம் அடிப்பதும் என் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று கடையில் எனக்கு மிளகாய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்பட ஒரு ஆளாவது வேண்டாமா? அக்காவுக்கு அது வராது. வாயில் விரலை வைத்தால் கூடக் கடிக்கத் தெரியாத பிறவி. கடைக்கு எழுதும் மேஜை ஒன்றுதான், அந்த மேஜைக்கு அக்காவும் ஒருத்திதான். முதலாளியிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா. முதலாளி அவளைவிடப் பெரியவர் என்பதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அவள் இந்த மேஜைக்கு வந்ததே ஒரு அநியாயத்தில்தான். முதலில் அவள் தட்டு கழுவவும் கண்ணாடி துடைக்கவும் வந்தவள். அப்போது எழுதுவதற்கென்று ஒரு அலங்காரக்காரர் இருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் வால் வைப்பார், வாலுக்கு ஒரு பூ வைப்பார், பூவுக்கு ஒரு இலை வைப்பார். என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் யாருக்கும் புரியாது. ஒருநாள் முதலாளியோடு ஏதோ வாய்த்தகராறு, ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டுப் போய்விட்டார். வெளியே ஒரு குடும்பமே கேக்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. முதலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு நின்றவளிடம் கூம்பைத் திணித்தார். "உன் கையெழுத்து குண்டு குண்டா நல்லாத்தானே இருக்கும், எழுது" என்றார்.

பேனா பிடித்து எழுதுகிற மாதிரி விரலால் எழுதினாள். பேனாவுக்கு விரல் போதும். கூம்புக்குப் போதாது. அது விரலால் அமுக்குகிற பொருள் இல்லை, உள்ளங்கையால் அமுக்குவது. எழுத்தை நகர்த்த வேண்டியது தோளும் முழங்கையும். அவளுக்கு அதை யார் சொன்னார்கள்? கோடு நடுங்கியது, சுழியெல்லாம் அடைத்துக்கொண்டது, கடைசி இரண்டு எழுத்து ஓரத்தில் இடமில்லாமல் கீழே வழிந்து இறங்கியது. அந்தக் குடும்பம் முகத்தைச் சுளித்துக்கொண்டு எடுத்துப் போனது. கூம்பைத் திணித்தவர் யார்? முதலாளி. அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கியது யார்? அக்கா. இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயத்தில் சேரும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வேறு யாராவது என்றால் மறுநாள் வேலைக்கே வந்திருக்க மாட்டார்கள். அவள் வந்தாள். மதியம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, மிச்சமான க்ரீமில் கோடு இழுக்க ஆரம்பித்தாள். எழுத்து இல்லை, வெறும் கோடு. கோடு சரியாக வந்த பிறகு கிண்ணம் மாதிரி ஒரு வளைவு. வளைவு வந்த பிறகு ஒரு கொக்கி. அதற்குப் பிறகு ஒரு புள்ளி. தட்டு நிரம்பினால் வழித்தெடுத்துக் கூம்பில் போட்டு மறுபடியும் அதே க்ரீம். இந்த நான்கும் கைக்கு அடங்கினால் எந்த எழுத்தையும் போட்டுவிடலாம் என்று அவளாகவே கண்டுபிடித்தாள்.

அவள் எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். ட என்றால் ஒரு கோடு இறங்கி, ஒரு கோடு நடக்கும், அவ்வளவுதான். ப என்றால் அடி தட்டையான ஒரு கிண்ணம். ண மாதிரி சுழி மேல் சுழி வரும் எழுத்துகளில் சுழியை மூடவே மாட்டாள். மூடினால் க்ரீம் உள்ளே ஒட்டிக் கட்டியாகிவிடும். கொக்கி மாதிரித் திறந்தே விட்டுவிடுவாள், படிக்கிறவர் கண் அதை மூடிக்கொள்ளும். கூம்பை எடுக்கிற இடத்தில்தான் வால் முளைக்கும் என்பதால் முடிந்தவரை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத்துக்கு எழுத்து தொடுத்துக்கொண்டே போவாள். வாலும் இல்லை, பூவும் இல்லை. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியும். இதற்கும் ஒரு கூட்டம், "என்னங்க இது, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கும். அடுத்த வாரம் அதே கூட்டம் வந்து, அதே எழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகும்.

சரி, கடையில்தான் இப்படி. வீட்டிலாவது ஒரு மரியாதை உண்டா?

அவள் மகனுக்குக் கல்யாணம். நானும் போயிருந்தேன். பையனைப் பெற்றவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார வேண்டாமா? ஆளைக் காணோம். தேடிப் போனால் மண்டபத்துக்குப் பின்னால் சமையல்கட்டில், பட்டுப்புடவைக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மூன்றடுக்குக் கேக்கின் முன்னால் குனிந்து நிற்கிறாள். மகனே சொல்லியிருக்கிறான், "நீதான் நல்லா எழுதுவியேம்மா, பேரை மட்டும் போட்டுடு" என்று. அவள் இரண்டு பெயரையும் எழுதி முடித்துக் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் குடும்பப் படம் எடுத்து முடித்துவிட்டார்கள். அந்தப் படம் இப்போதும் அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. சம்பந்தி இருக்கிறார், சம்பந்தியின் டிரைவர் கூட இருக்கிறார். பையனின் அம்மா இல்லை.

"திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே அக்கா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டாங்கடி. எதுக்குத் தொந்தரவு?"

கேட்டீர்களா பதிலை? இப்படி ஒரு ஆள் கிடைத்தால் உலகம் தலையில் ஏறி மிளகாய் அரைக்காமல் வேறு என்ன செய்யும்?

அவள் தன் கேக்கில் எழுதும்போது தன் பெயரைப் போட மாட்டாள் என்பதை நான்தான் கவனித்தேன். 'வாழ்த்துகள்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவாள். போன வருடம் ஏன் என்று கேட்டேன். "என் பேரை நானே எழுதினா, என்னமோ ரசீதுல கையெழுத்துப் போடற மாதிரி இருக்குடி" என்றாள். பிறகு கூம்பின் நுனியைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை வேற யாராவது எழுதி, நான் சும்மா நின்னு பாக்கணும். கோணலா இருந்தாலும் பரவாயில்ல." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஏதோ பெரிய சொத்தைக் கேட்டுவிட்ட மாதிரி.

எத்தனை பேரின் பெயரை எழுதியிருப்பாள்! ஊரில் பாதிப் பேர் அவள் எழுத்தைத் தின்றவர்கள். அவளுக்கு இது ஒன்று கிடைக்காதா? அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், அடுத்த பிறந்தநாளுக்கு நான் எழுதுகிறேன் என்று.

முதலாளியிடம் சொன்னதும் சிரித்தார். "நீயா? உன் கையி ரொட்டி அடிக்கற கையி. அந்தப் படத்தை நான் நெட்ல கடைப் பக்கத்துல போடணும். பாக்கறவங்க கடை மானத்தை வாங்கிடுவாங்க."

"அவங்களுக்குப் பிறந்தநாளா, கடைக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டேன்.

கல்லாவில் இருப்பவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். முதலாளிக்கு என்னோடு வாதாடினால் தலைவலி வரும் என்று தெரியும். "சரி, எழுது. அன்னிக்குக் காலைல நான் பாப்பேன். பாக்கற மாதிரி இல்லன்னா வழிச்சுட்டு அக்காவையே எழுதச் சொல்லிடுவேன். அதுக்கு மேல பேசாதே" என்றார். பேசாமல் வந்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே.

கிடைத்த பிறகுதான் தெரிந்தது, எதில் போய் மாட்டிக்கொண்டேன் என்று. அக்கா விடுப்பில் இருக்கும் நாட்களில் கவிழ்த்த தட்டும் நானுமாக உட்கார்ந்தோம். நான்தானே இத்தனை காலம் அவளுக்கு க்ரீம் அடித்துக் கொடுக்கிறேன், எழுதுகிற க்ரீம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? ஓரத்துக்குப் போடுகிற க்ரீம் விறைப்பாக நிற்க வேண்டும். எழுத்துக்கு அதையே கொஞ்சம் தண்ணீர் விட்டு, கரண்டியைத் தூக்கினால் நுனி மெதுவாகத் தலை சாய்கிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் மிஷினில் அடிக்கக் கூடாது, காற்றுக் குமிழ் சேர்ந்துவிடும். கிண்ணத்தின் பக்கவாட்டில் வைத்துக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்துக் குமிழை எல்லாம் உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுத்து நடுவில் 'புஸ்' என்று துப்பி, கோடு அறுந்துவிடும். இது அத்தனையும் எனக்கு மனப்பாடம். எழுதத்தான் வரவில்லை.

முதல் தொல்லை என் கை. நாள் முழுக்க அடுப்பின் முன்னால் நிற்கிற கை, எப்போதும் சூடு. கூம்பைப் பிடித்துக் கொஞ்ச நேரத்தில் உள்ளே வெண்ணெய் இளகி, எழுத்து தண்ணீராக ஓடியது. குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்துத் துடைத்துவிட்டு எழுதினேன். கூம்பில் கொஞ்சமாகவே நிரப்பினேன். அடுத்த தொல்லை என் சுபாவம். நுனியைத் தட்டில் குத்திக்கொண்டே இழுத்தேன். கோடு உழுத மாதிரி வந்தது. அக்கா எழுதுவதை நினைத்துப் பார்த்தேன். ஆரம்பிக்கும்போது மட்டும் நுனி தொடும், ஒட்டிக்கொண்டதும் அவள் கை லேசாக மேலே எழும். க்ரீம் நூல் மாதிரித் தொங்கி, அவள் கொண்டுபோகிற இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். முடிக்கும்போது முதலில் அமுக்குவதை நிறுத்துவாள், அப்புறம்தான் எடுப்பாள். நான் அமுக்கிக்கொண்டே எடுத்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பல்லி வால் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டு நின்றது. கோபத்தில் தட்டையே தூக்கி அடிக்கலாமா என்று வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடியும் கோடு, கிண்ணம், கொக்கி, புள்ளி.

என்ன எழுதுவது என்பதை என் கைதான் முடிவு பண்ணியது. 'பிறந்தநாள் வாழ்த்துகள்' எல்லாம் எனக்கு ஆகாது. அந்த ழ ஒன்றே என்னை வேலையை விட்டு ஓட வைத்துவிடும். 'அன்பு அக்காவுக்கு' என்று இரண்டு வரி. அ இரண்டு தடவை வருகிறது, அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சுழிகளை அக்கா மாதிரியே திறந்து விட்டேன்.

பிறந்தநாள் அன்று காலையில் அக்கா வருவதற்கு முன்னால் கேக்கைச் சுட்டு, ஆற வைத்து, வெள்ளைக் க்ரீம் பூசி வழவழப்பாகத் தேய்த்து, ஃப்ரிட்ஜில் வைத்து இறுக விட்டேன். பிறகு எடுத்து, பல் குத்தும் குச்சியால் இரண்டு மெல்லிய கோடு கீறி, எழுத்துகளை எண்ணி, நடுவில் எது வரும் என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். கோக்கோ கலந்த க்ரீம். நின்றுகொண்டு, முழங்கையை உடம்போடு ஒட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். 'ன்' கொஞ்சம் சாய்ந்தது. கடைசி 'கு' மற்றதைவிடக் குண்டு. ஆனால் இடத்துக்குள் முடிந்தது, படிக்க வந்தது. முதலாளி வந்து பார்த்தார். இந்தப் பக்கம் தலையைச் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். "ம்... என்னமோ போ" என்றார். அந்த மனிதரிடம் அது பாராட்டுப் பத்திரம். கேக்கைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜின் உள்தட்டில் வைத்தேன். மாலை டீ நேரத்தில் எடுப்பது என்று பேச்சு.

அங்கேதான் கோட்டை விட்டேன். மற்ற கேக்கில் எல்லாம் வாடிக்கையாளர் பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்கும். இதில் நான் எதையும் ஒட்டவில்லை, தொட வேண்டாம் என்று கூட.

மாலை வந்தது. எல்லோரும் எழுதும் மேஜையைச் சுற்றி நின்றோம். அக்கா எப்போதும்போல ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு, கையில் கூம்போடு தயாராக நின்றாள். "கீழ வெச்சுடுங்க அக்கா. இந்த வருஷம் உங்களுக்கு அந்த வேலை இல்ல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. முதலாளி கேக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

'அன்பு அக்காவுக்கு' என்று இருந்தது. ஆனால் சாய்ந்த 'ன்' நேராக நின்றது. குண்டு 'கு' இளைத்திருந்தது. அத்தனையும் ஒரே கனம், ஒரே உயரம், ஒரு வால் இல்லை. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரு தொட்டது இதை?" என்று கத்தினேன்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காதான் சாதாரணமாகச் சொன்னாள்: "நான்தான்டி. மத்தியானம் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். யாரோ கண்றாவியா எழுதி வெச்சிருந்தாங்க. கஸ்டமர் கையில இது போனா என்ன ஆகறதுன்னு, கத்தி நுனியால எடுத்துட்டுத் திருப்பி எழுதிட்டேன். நல்லா இறுகியிருந்துச்சு, அப்படியே முழுசு முழுசா கையில வந்துருச்சு."

"கண்றாவியா!" என்றேன்.

"ஏன்டி, என்ன ஆச்சு?"

"அதை எழுதினது நான் அக்கா. உங்களுக்கு. உங்க கேக் அது. யாருக்குன்னு படிச்சுக் கூடப் பாக்கலையா நீங்க?"

"நான் எங்கடி வார்த்தையைப் பாக்கறேன்? எழுத்தைத்தான் பாப்பேன்" என்றாள். சொல்லிக்கொண்டே குனிந்து கேக்கைப் பார்த்தாள். முதல் தடவையாக அதைப் படித்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "படிச்சிருந்தாலும் என்ன? எனக்குன்னு தோணியிருக்காது. எனக்கு யாரு எழுதப் போறா?"

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு மனுஷியை இப்படி நினைக்க வைத்தது யார்? எல்லாருமாகச் சேர்ந்துதானே! மகன், முதலாளி, ஊர். ஆளாளுக்கு "நீதான் நல்லா எழுதுவியே" என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கும் யாராவது எழுதலாம் என்பதே அவள் மண்டையில் ஏறாமல் போய்விட்டது.

இந்த நேரத்தில் முதலாளி வாயைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம். "விடு, விடு. நல்லதாப் போச்சு. இப்ப எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு! படமும் நல்லா வரும். அக்கா, இந்தப் பக்கம் வந்து கத்தியைப் பிடி" என்று போனைத் தூக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கி க்ரீம் மிஷினில் போட்டிருப்பேன். வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா. என்னிடம் இல்லை. முதலாளியிடம்.

அவர் போனைத் தூக்கின கையோடு அப்படியே நின்றார். இத்தனை வருடத்தில் அவள் அவரை 'நீங்க' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவளுக்கே அது உறைத்ததா என்று தெரியவில்லை. மேஜையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். தன் எழுத்தின் அடியில் கத்தி நுனியை விட்டு நெம்பினாள். அது இன்னும் சில்லென்று இருந்ததால் 'அ' அப்படியே தட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. தன் அத்தனை எழுத்தையும் எடுத்து மிச்சக் க்ரீம் கிண்ணத்தில் வழித்துப் போட்டாள். கோக்கோவின் கறை லேசாக இருந்தது. வெள்ளைக் க்ரீமை மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி, கறையை மூடி, வழித்துச் சமமாக்கினாள். வேகமாகத்தான் செய்தாள், ஆனால் கை துளி கூட ஆடவில்லை. கேக்கை என் பக்கம் தள்ளினாள்.

"எழுது" என்றாள்.

"இப்பவா? எல்லாரும் பாக்கறாங்களே அக்கா!"

"எழுதுடி. நான் பாக்கணும்."

கையைக் குளிர்ந்த தண்ணீரில் நனைக்கக் கூட நேரமில்லை. கூம்பை எடுத்தேன். கோடு கீறவில்லை, எண்ணவில்லை, நடுவைப் பார்க்கவில்லை. புதுசாகப் பூசின க்ரீம் இறுகவும் இல்லை, நுனி பட்ட இடமெல்லாம் குழிந்தது. கோபம் வேறு இன்னும் கையில் இருந்தது. முதல் 'அ' காலையில் எழுதினதைவிட மோசம். அக்கா மேஜைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அந்தப் பக்கத்தில் அவள் நின்று நான் பார்த்ததே இல்லை. அங்கே நிற்பது வாடிக்கையாளர்கள்தான். ஏப்ரனுக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்துக்கொண்டு, தலைகீழாகத் தெரிகிற எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டாம் வரியின் நடுவில் குமிழ் ஒன்று துப்பி, 'கா' அறுந்தது. அவள் கை அவளை அறியாமலே சட்டென்று வெளியே வந்தது. சரிசெய்யத்தான். பாதி வழியில் நிறுத்தி, அதை மறுபடியும் ஏப்ரனுக்குள் இழுத்துக்கொண்டாள்.

கடைசி 'கு'வுக்கு இடம் போதவில்லை. ஓரத்தில் போட்டிருந்த க்ரீம் பூவின் மேல் ஏறி, ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டு நின்றது. கல்லாக்காரர் களுக்கென்று சிரித்தார். நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"முடிஞ்சுது" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "கண்றாவியா இருக்கு அக்கா."

அவள் சுற்றி என் பக்கம் வந்து, நேராக நின்று, முதலிலிருந்து படித்தாள். வாய்விட்டுப் படித்தாள். "அன்பு அக்காவுக்கு." பிறகு இன்னொரு தடவை. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவள் துடைத்துக்கொள்ளவே இல்லை.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். இந்த முறை போனை எடுக்கவில்லை, நீளக் கத்தியை மரியாதையாகக் கைப்பிடி அவள் பக்கம் வருகிற மாதிரி நீட்டினார். "வெட்டுங்க அக்கா. டீ ஆறுது" என்றார்.

அக்கா கத்தியை வாங்கினாள். வாங்கித் தனக்குப் பின்னால் இருந்த தட்டில் வைத்துவிட்டாள். அலமாரியிலிருந்து பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, மடித்து, மூடி எழுத்தில் படாத அளவுக்கு உயரம் இருக்கிறதா என்று கையால் அளந்து பார்த்தாள். கேக்கை முழுசாக உள்ளே இறக்கினாள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டினாள்.

"என்னம்மா இது, எங்களுக்கு?" என்றார் முதலாளி.

"கத்தி படக் கூடாது இதுல" என்றாள் அக்கா. பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைக்காமல், சாயாமல், முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் வெறும் டீதான்.